கடைசிச் சீட்டு எடுத்தால் எத்தனை வட்டி? ஒரு ஸ்கிரீன்ஷாட் சொல்லும் கணக்கு

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகி வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் இருக்கும் ஒரு சீட்டு கம்பெனியின் ஏல அட்டவணை அது. ஒரு லட்ச ரூபாய் சீட்டு, 20 பேர், 20 மாதம், மாதத் தவணை 5,000. ஏஜென்ட் அவரிடம், ‘கடைசி வரைக்கும் எடுக்காம இருங்க மேடம், 14,100 ரூபாய் லாபம்’ என்று சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டு மாமியோ, ‘பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணுமே, ரெண்டாம் மாசமே தள்ளி எடுத்துடு’ என்கிறார். ‘இதில் எது சரி?’ என்பது வாசகியின் கேள்வி. இரண்டு யோசனைக்கும் பதில் அந்த ஸ்கிரீன்ஷாட்டிலேயே இருக்கிறது.

பக்கத்துப் பக்கத்து மாதங்களில் தொகை ஒன்றாகவே இருந்ததால், அட்டவணையைச் சுருக்கித் தருகிறேன்.

| மாதம் | தள்ளுபடி | ஒருவருக்கு டிவிடெண்ட் | கட்ட வேண்டியது | எடுப்பவருக்கு |
|---|---|---|---|---|
| 1 | இல்லை | இல்லை | 5,000 | கம்பெனி சீட்டு |
| 2–6 | 30,000 | 1,250 | 3,750 | 70,000 |
| 7–11 | 24,000 | 950 | 4,050 | 76,000 |
| 12–16 | 15,000 | 500 | 4,500 | 85,000 |
| 17–19 | 9,000 | 200 | 4,800 | 91,000 |
| 20 | 5,000 | 0 | 5,000 | 95,000 |

முதல் மாதத்தில் ஏலமே இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். ஃபோர்மேன், அதாவது சீட்டு நடத்துபவர், தானும் ஒரு சீட்டு போட்டு முதல் தவணையைத் தள்ளுபடி இல்லாமல் எடுத்துக்கொள்ள 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டம் அனுமதிக்கிறது. மற்ற மாதங்களில் அவருடைய கமிஷன் ஒரு லட்சத்துக்கு 5%, அதாவது 5,000 ரூபாய். 2019-ல் சட்டத்தைத் திருத்தி இந்த உச்சவரம்பை 7% ஆக்கினார்கள். இந்தக் கம்பெனி பழைய 5 சதவிகிதத்திலேயே நிற்கிறது.

ஸ்கிரீன்ஷாட் கைக்கு வந்ததும் முதலில் ஒரு வரியை எடுத்துச் சரிபாருங்கள். இரண்டாம் மாதத்தில் 20 பேரும் தலைக்கு 3,750 கட்டினால் வசூல் 75,000. எடுத்தவருக்கு 70,000, கமிஷன் 5,000. வசூலும் செலவும் நேராகிறது. எல்லா வரியும் இப்படி நேராக வேண்டும். தலைக்கு 45 ரூபாய் கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது ஜி.எஸ்.டி.யாக இருக்கலாம். 2022 ஜூலை முதல் ஃபோர்மேன் கமிஷனுக்கு 18% வரி. 5,000-க்கு 900 ரூபாய், அதை 20 பேருக்குப் பிரித்தால் 45. இந்தக் கம்பெனி அப்படிப் பிரிக்கவில்லை. சீட்டு எடுப்பவரின் தொகையிலிருந்து 900 ரூபாயைப் பிடித்துக்கொள்கிறது. அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் அது இருந்தது. ஆகவே கடைசியில் எடுப்பவருக்குக் கைக்கு வருவது 95,000 அல்ல, 94,100.

இப்போது ஏஜென்ட் சொன்ன 14,100-ஐப் பார்ப்போம். இருபது மாதமும் கட்டியதைக் கூட்டினால் 85,900 வருகிறது. ஒரு லட்சத்திலிருந்து அதைக் கழித்தால் 14,100; கிடைத்த டிவிடெண்டின் மொத்தம் அதுதான். ஆனால், யார் கைக்கும் ஒரு லட்சம் வரப்போவதில்லையே! 94,100-லிருந்து 85,900-ஐக் கழித்தால் உண்மையான லாபம் 8,200 ரூபாய்தான்.

85,900 கட்டி 8,200 லாபம் என்றால் சுமார் 9.5%. ‘இருபது மாசத்துக்கு ஒன்பதரைதானா?’ என்று இங்கேயே சிலர் சீட்டை வெறுத்துவிடுவார்கள். அதுவும் சரியில்லை. அந்தப் பணம் முழுவதும் 20 மாதமும் கம்பெனியிடம் இருக்கவில்லை. முதல் மாதம் கட்டிய 5,000 மட்டும் 19 மாதம் இருந்தது. பத்தொன்பதாம் மாதம் கட்டியது ஒரே ஒரு மாதம். எனவே ஒவ்வொரு தவணையையும் அது காத்திருந்த மாதங்களால் பெருக்க வேண்டும். 5,000-ஐ 19-ஆல், அடுத்த 3,750-ஐ 18-ஆல், அதற்கடுத்ததை 17-ஆல் என்று பெருக்கிக்கொண்டே போய்க் கூட்டினால் 7,81,550 வருகிறது. 8,200-ஐ இதனால் வகுத்தால் மாதத்துக்கு 1.05%. நம் ஊர் பாஷையில் நூற்றுக்கு ஒரு வட்டி.

வட்டிக்கு வட்டியையும் சேர்த்துத் துல்லியமாகப் பார்க்க, போனில் இருக்கும் கூகுள் ஷீட் போதும். பி காலத்தில் 20 வரி. கட்டிய தொகைகளை எல்லாம் கழித்தல் குறியோடு போடுங்கள். கடைசி வரியில் மட்டும் 94,100-லிருந்து அந்த மாதத் தவணை 5,000-ஐக் கழித்து 89100 என்று போடுங்கள். கீழே இந்தச் சூத்திரம்:

```
=IRR(B1:B20)
```

விடை 1% என்று முழுமையாக்கிக் காட்டலாம். தசம இடங்களைக் கூட்டிப் பார்த்தால் 0.99% என்று தெரியும். பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 11.9%. அஞ்சலக ஆர்.டி.க்கு 2023 அக்டோபரில் 6.7% ஆக்கினார்கள். அதோடு ஒப்பிட்டால் சீட்டு ஜெயிக்கிறது, ஆனால் சில நிபந்தனைகளோடு. அதற்குப் பிறகு வருகிறேன்.

மாமியின் யோசனை என்ன ஆகிறது? இரண்டாம் மாதம் எடுத்தால் 70,000-ல் 900 போக 69,100 கைக்கு வரும். கட்டப்போகும் மொத்தம் அதே 85,900. கூடுதலாகக் கொடுப்பது 16,800. அதே ஷீட்டில் இரண்டாவது வரியை மட்டும் 65350 என்று மாற்றி (69,100-லிருந்து 3,750 போக மீதி), இருபதாவது வரியை -5000 ஆக்கினால் மாதத்துக்கு 2.6% காட்டுகிறது. அதாவது இரண்டரை வட்டிக்கும் மேல், ஆண்டுக்கு 31%. வங்கியில் நகையை வைத்தால் ஒரு வட்டிக்கும் கீழேயே பணம் கிடைக்கும். பீரோவில் நகை இருக்கும்போது ஃபீஸுக்காக இரண்டாம் மாதம் தள்ளி எடுக்க வேண்டாம் என்று வாசகியிடம் சொன்னேன். நகையும் இல்லை, கந்து வட்டிதான் வழி என்ற நிலையில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

முன்னால் எடுப்பவர் கொடுப்பது 2.6 வட்டி, கடைசியில் எடுப்பவர் பெறுவது ஒரு வட்டி. நடுவில் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் மாதாமாதம் போகும் கமிஷனிலும், கம்பெனி முதல் மாதமே தள்ளுபடியில்லாமல் எடுத்த சீட்டிலும் இருக்கிறது.

பன்னிரண்டாம் மாதம் எடுத்தால் என்ன என்று வாசகி திரும்பக் கேட்டார். இங்கேதான் ஷீட் ஏமாற்றும். 11 மாதம் கட்டி, ஒரு மாதம் வாங்கி, மறுபடி 8 மாதம் கட்டும்போது கழித்தல் குறி இரண்டு முறை மாறுகிறது. அப்போது அந்தச் சூத்திரம் இரண்டு விடை தரலாம், விடையே தராமலும் போகலாம். ஆகவே கையால் பாருங்கள். பன்னிரண்டாம் மாதத் தவணையையும் சேர்த்து அவர் கட்டியிருப்பது 48,500. கைக்கு வருவது 84,100. அதில் 48,500 அவருடைய சொந்தப் பணம், மீதி 35,600-தான் கடன். அந்தக் கடனுக்கு இன்னும் 8 மாதத்தில் கட்ட வேண்டியது 37,400. கூடுதல் 1,800 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 1.1 வட்டி. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால், அதுவரை போட்ட சொந்தப் பணத்துக்கு ஒரு பைசா வட்டி வரவில்லை. ஆர்.டி.யில் அரை வட்டிக்குப் போட்டிருந்தால்கூடச் சுமார் 1,330 ரூபாய் வந்திருக்கும். அதையும் சேர்த்தால் அந்தக் கடனின் விலை 3,100-ஐத் தாண்டுகிறது.

நிபந்தனைகள் என்று சொன்னேனே, அதில் முக்கியமானது அட்டவணை. ஏலச்சீட்டில் நாளைய தள்ளுபடி யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க 20 மாதமும் நிரப்பிய அட்டவணை எப்படி வந்தது? அது முடிந்துபோன ஒரு குரூப்பின் கணக்காக இருக்க வேண்டும், அல்லது ஏஜென்ட்டின் மதிப்பீடாக இருக்க வேண்டும். வாசகி விசாரித்ததில், முன்பு முடிந்த ஒரு குரூப்பின் கணக்குதான் என்று தெரிந்தது. புது குரூப்பில் அவசரக்காரர்கள் குறைவாக இருந்து, 2 முதல் 6 வரையான மாதங்களில் தள்ளுபடி 30,000-க்குப் பதில் 20,000-லேயே நின்றால்? அந்த மாதங்களில் 3,750-க்குப் பதில் 4,250 கட்ட வேண்டும். லாபம் 8,200-லிருந்து 5,700 ஆகும். ஒரு வட்டி 0.67-க்கு இறங்கும், ஆண்டுக்கு 8%. கடைசியில் எடுப்பவரின் லாபம் முன்னால் எடுப்பவர்களின் அவசரத்திலிருந்துதான் வருகிறது. எல்லோரும் சேமிக்க வந்த குரூப்பில் யாருக்கும் பெரிதாக லாபமில்லை. மாதச் சம்பளக்காரர்கள் மட்டும் இருக்கும் குரூப்பா, காந்தி மார்க்கெட் வியாபாரிகளும் இருக்கும் குரூப்பா என்று கேட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

அடுத்தது பணம் வரும் நாள். இருபதாம் தவணை கட்டிய அன்றே பணம் வரும் என்று நான் கணக்குப் போட்டேன். ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தால் 0.99 வட்டி 0.89 ஆகிவிடும். போன குரூப்பில் கடைசியாக எடுத்தவருக்கு எத்தனை நாளில் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் பதிவு பெற்ற சீட்டுக்குத்தான். தமிழ்நாட்டில் சீட்டுகளைப் பதிவு செய்வது பதிவுத் துறை. குரூப் தொடங்கும் முன் சீட்டுப் பதிவாளரிடம் முன் அனுமதியும், பிறகு தொடக்கச் சான்றிதழும் வாங்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் குரூப் எண் மட்டும் இருந்து முன் அனுமதி எண் இல்லையென்றால் அலுவலகத்தில் கேளுங்கள், அதைத் தர அவர்கள் தயங்கக் கூடாது. 2013-ல் மேற்கு வங்கத்தில் சரிந்த சாரதா குழுமத்தைப் பலரும் சீட்டு கம்பெனி என்றே சொன்னார்கள். அங்கே ஏலமும் இல்லை, மாதாமாதம் ஒருவர் எடுப்பதும் இல்லை. ‘இத்தனை சதவிகிதம் நிச்சயம்’ என்று முன்கூட்டியே சொல்லும் எதுவும் ஏலச்சீட்டாக இருக்க முடியாது.

வாசகி கடைசி வரை எடுக்காமல் இருப்பது என்று சேர்ந்திருக்கிறார். ஃபீஸுக்கு இரண்டு வளையல்கள் வங்கிக்குப் போயிருக்கின்றன. மாதாமாதம் ஏலம் முடிந்ததும் உண்மையான தள்ளுபடியை ஷீட்டில் பழைய எண்ணுக்குப் பதிலாகப் போட்டு வருகிறார். மூன்றாம் மாதத் தள்ளுபடி 27,000-தானாம்.