பி சின்னதா இருந்தா மட்டும் போதுமா?

எங்கள் லயத்தில் வீட்டுக்கு ஒருவராவது 'பிரஷர்'காரர் இருப்பார். அம்மாச்சிமார் கிளினிக் கொப்பியைச் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்த்தே வளர்ந்தோம். அதனால், ஒரு மருந்துப் பரிசோதனைக் கட்டுரையை வாசித்து விமர்சியுங்கள் என்று ஆய்வு முறையியல் பாடத்தில் ஒப்படை தந்தபோது, ஹற்றன், நுவரெலியாப் பக்கத்துப் பிள்ளைகளான நாங்கள் ட்ரையம்ஃப் ஆய்வைத் தெரிவு செய்தோம். இலங்கையிலேயே நடந்து, 2018இல் ஜாமா சஞ்சிகையில் வெளியான ஆய்வு அது.

கேள்வி எளிமையானது. மூன்று பிரஷர் மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தால், வழமையான சிகிச்சையை விட நல்லதா? 700 பேரை எழுமாற்றாக இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்து, ஒரே குளிசைக் குழுவில் 70 வீதமானோரும் வழமைக் குழுவில் 55 வீதமானோரும் இலக்கு அளவுக்கு வந்திருந்தார்கள். கட்டுரைச் சுருக்கம் இப்படிச் சொல்கிறது: வித்தியாசம் 12.7 வீதம், 95% நம்பிக்கை இடைவெளி 3.2 முதல் 22.0 வரை, P < .001.

நாங்கள் முதலில் செய்த பிழை, அந்தக் கடைசி எண்ணைக் கண்டதும் 'மருந்து நல்லா வேலை செய்யுது' என்று எழுதி முடிக்கப் பார்த்ததுதான். பி பெறுமானம் அதைச் சொல்லவில்லை. இரண்டு குழுவுக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. அவ்வளவுதான். நன்மை பெரிதா சிறிதா என்று அதில் இல்லை.

அதைக் காட்டுவது இடைவெளிதான். அதன் இரண்டு முனைகளையும் ஆட்களாக மாற்றிப் பாருங்கள். கீழ் முனையில், நூறு பேருக்கு இந்தக் குளிசையைக் கொடுத்தால் மேலதிகமாக மூன்று பேர்தான் இலக்கை அடைவார்கள். மேல் முனையில் இருபத்திரண்டு பேர். பூச்சியம் உள்ளே இல்லை என்பது சரி. ஆனா மூன்றும் இருபத்திரண்டும் ஒன்றா? ஒரு சுகாதாரப் பணிமனைக்கு இரண்டும் வேறு வேறு முடிவு.

பிறகு ஒரு விஷயம் உறுத்தியது. இடைவெளியின் நீளம் 18.8. அதை நான்கால் வகுத்தால், அண்ணளவாக 4.7 என்று நியம வழு கிடைக்கும். 12.7ஐ 4.7ஆல் வகுத்தால் 2.7. பி .001க்குக் கீழே போக அது 3.3ஐத் தாண்ட வேண்டும். ஆக, இந்த இடைவெளியும் இந்தப் பியும் ஒரே கணக்கில் பிறந்த பிள்ளைகள் போலத் தெரியவில்லை. 70இலிருந்து 55ஐக் கழித்தால் 15 தானே, 12.7 இல்லையே? அந்த 15ஐக் குழுவுக்குச் சுமார் 350 பேர் என்று வைத்துக் கணக்கிட்டால் பி உண்மையாகவே .001க்குக் கீழ் போகிறது. இது மோசடி என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகளில் கணக்கிட்டால் இப்படி வரலாம். ஆனா சுருக்கத்தை மட்டும் வாசிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. இடைவெளியை நான்கால் வகுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

அடுத்தது பக்கச்சார்பு. இது மறைப்பில்லாத ஆய்வு. யார் எந்தக் குளிசை குடிக்கிறார் என்று நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரியும். புதுக் குளிசை கிடைத்தவர் ஒழுங்காகக் குடித்திருக்கலாம், உப்பையும் குறைத்திருக்கலாம். இன்னொன்று, ஆறாம் மாதத்தில் வழமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினர்தான் இரண்டு அல்லது கூடுதலான மருந்து எடுத்தார்கள். ஆக, வென்றது 'ஒரே குளிசை' என்ற வடிவமா, இல்லை கூடுதல் மருந்தா? இந்த ஆய்வால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. வழமைக் குழுவுக்கும் மூன்று மருந்தைத் தனித்தனிக் குளிசையாகக் கொடுத்து ஒப்பிட்டிருந்தால்தான் தெரிந்திருக்கும்.

எந்த இடைவெளிக்குள்ளும் அடங்காத கேள்வி ஒன்றும் உண்டு. ஆய்வு நடந்தது 11 நகர்ப்புற வைத்தியசாலைக் கிளினிக்குகளில். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் விழாது என்ற கணக்கில் வாழும் கொழுந்து பறிக்கும் பெண் அந்த 700 பேருக்குள் எவ்வளவு தூரம் இருந்திருப்பார்? நம்பிக்கை இடைவெளி மாதிரியெடுப்பின் தற்செயலை மட்டும்தான் அளக்கிறது. யாரைச் சேர்க்கவில்லை என்பதை அது அளக்காது. அளந்ததும் பிரஷரை மட்டும்தான், அதுவும் ஆறு மாதம். பாரிசவாதமும் மாரடைப்பும் குறைந்தனவா என்பது வேறு ஆய்வு.

ஒப்படையின் கடைசி வரியில் இப்படி எழுதினோம்: நன்மை இருக்கிறது, அதன் அளவு உறுதியில்லை, எங்கள் அம்மாச்சிமாருக்கு இது இன்னும் சோதிக்கப்படவில்லை. 'P < .001' என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த மூன்றில் ஒன்றுகூடச் சொல்லியிருக்க மாட்டோம்.