பதில் வந்ததா, மறுப்பு வந்ததா?

கடலாடி வட்டத்திலிருந்து தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டவருக்கு ஒருநாள் தபால் வருகிறது. கனமான உறை, உள்ளே பத்துப் பதினைந்து தாள்கள். 'எல்லாம் கொடுத்துவிட்டார்கள்' என்று எடுத்து வைத்துவிடுகிறோம். பிரித்துப் படித்தால்தான், கேட்டது கிடைத்ததா என்பது தெரியும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளில் 17ஆம் விதியை எடுத்துக்கொள்வோம். ஆட்சியர் தலைமையில் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். அது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம் போய்ச் சேர்ந்ததா, வழக்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்ப்பது அதன் வேலை. சாயல்குடி இளைஞர் ஒருவர் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் நான்கு கேள்விகள் கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டில் எத்தனை கூட்டம் நடந்தது? கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல் எங்கே? கடலாடி வட்டத்தில் எந்தெந்த வழக்கில், எந்தத் தேதியில், எவ்வளவு நிவாரணம் வழங்கப்பட்டது? எத்தனை வழக்குகளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை?

பதில் வந்ததும் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: கிடைத்த பதில், மறுப்பு, இணைப்பு. ஒவ்வொரு கேள்வி எண்ணையும் உரிய கட்டத்தில் எழுதுங்கள்.

முதல் கேள்விக்கு, 'விதிகளின்படி கூட்டங்கள் நடத்தப்பட்டு வருகின்றன' என்று பதில் இருக்கிறது. இதைப் பதில் கட்டத்தில் போடக் கூடாது. எத்தனை என்று கேட்டதற்கு எண் வரவில்லை. மறுப்பதாகவும் சொல்லவில்லை. ஆகவே, 'முழுமையற்ற பதில்' என்று குறித்து மறுப்புக் கட்டத்தில் சேருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு, 'இணைப்பு காண்க' என்கிறார்கள். இணைப்பில் இரண்டு கூட்டங்களின் குறிப்புகள் மட்டும் உள்ளன. ஓராண்டில் நான்காவது நடந்திருக்க வேண்டும். முதல் கேள்விக்குச் சொல்லாத எண்ணிக்கை இங்கே தலைகாட்டுகிறது. மற்றக் கூட்டங்கள் நடக்கவில்லையா, குறிப்பு தரவில்லையா என்று மேல்முறையீட்டில் கேட்கலாம். அதனால்தான் இணைப்பைத் தாள் எண்ணிப் பார்க்க வேண்டும். 14 தாள் என்று கடிதத்தில் எழுதி, உறையில் 11 இருந்தால் அதையும் குறித்து வையுங்கள்.

மூன்றாவதற்கு, 'தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே)' என்று மறுப்பு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின் இந்தப் பிரிவு முன்னைவிடக் கடுமையாகிவிட்டது. ஆனாலும் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு மற்றதைக் கொடுக்க 10ஆம் பிரிவு வழி செய்கிறது. வழக்குப் பதிவான தேதி, தொகை, வழங்கிய தேதி ஆகியவை போதும் என்று கேட்கலாம். பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்னும் 8(2)ஆம் பிரிவும் இன்னும் இருக்கிறது.

நான்காவதற்கு, 'புலன்விசாரணை நடப்பதால் 8(1)(எச்)இன்படி தர இயலாது' என்கிறார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. தகவல் தந்தால் அது எப்படித் தடைபடும் என்று காட்ட வேண்டும் என 2007இல் பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. எண்ணிக்கையைச் சொல்வதால் எந்த விசாரணை கெடும்? 'எங்களிடம் இல்லை, காவல்துறையைக் கேளுங்கள்' என்று எழுதியிருந்தாலும் சரியல்ல. மனுவை உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் அவர்களே அனுப்ப வேண்டும் என்கிறது பிரிவு 6(3).

இந்த எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு பாடு? சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்திய வழக்கில் நிவாரணம் ஒரு லட்சம் ரூபாய். முதல் தகவல் அறிக்கையின்போது கால் பங்கும், குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் பாதியும், தண்டனை கிடைத்ததும் மீதியும் தர வேண்டும். 60 நாளில் தாக்கலாக வேண்டிய குற்றப்பத்திரிகை தாமதமானால், ஐம்பதாயிரம் ரூபாய் அந்தக் குடும்பத்துக்கு வராமல் நிற்கிறது.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். 'ஏன் கூட்டவில்லை?' என்றால், விளக்கம் தகவலாகாது என்று தள்ளிவிடுவார்கள். 'கூட்டம் ஒத்திவைக்கப்பட்ட கோப்புக் குறிப்பின் நகல் தருக' என்றால், அப்படி ஓர் ஆவணம் இருக்கும்வரை தட்ட முடியாது.

மறுக்கும்போது காரணம், மேல்முறையீட்டு அலுவலர் விவரம், கால அவகாசம் மூன்றையும் எழுத வேண்டும் என்கிறது பிரிவு 7(8). இவற்றில் எது இல்லையென்று பாருங்கள். பதில் கைக்கு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை. அதிலும் சரியாகவில்லை என்றால், 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகலாம். மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது. தபால் முத்திரையுள்ள உறையைப் பத்திரப்படுத்துங்கள்; நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி. மறுப்புக் கட்டத்தில் நீங்கள் எழுதிய வரிகளே மேல்முறையீட்டு மனுவின் பத்திகளாகிவிடும்.