துக்கத்தில் ‘நீங்கள்’ வேண்டாம்

பாரிஸ் கிளையில் என்னோடு வேலை செய்யும் தோழியின் அப்பா தவறிவிட்டார். நாங்கள் மின்னஞ்சலில் பேசிக்கொள்வது பிரெஞ்சில்தான். ஆங்கிலத்தில் மனத்தில் ஓடியதை அப்படியே மாற்றினேன்: “போன்ஜூர், உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்.”

நல்லவேளை, அனுப்புமுன் எனக்குப் பிரெஞ்சு சொல்லித்தந்த அக்காவிடம் காட்டினேன்.

“துக்க வீட்டில் போய் ‘நல்ல நாள்’ என்பாயா, தம்பி? ‘ஷேர்’ என்று போட்டு அவள் பெயரை எழுது” என்றார். ‘ஷேர்’ என்றால் அன்புள்ள.

‘தெஸோலே’ என்று வருத்தத்தைச் சொல்லியிருந்தேன். கூட்டத்துக்குத் தாமதமாக வந்தாலும் அதே சொல்தானாம். இழப்புக்கு நான் போட்ட ‘பெர்த்’ கணக்கில் வரும் நஷ்டத்துக்கும் ஆகும். “உன் அப்பாவின் மறைவை அறிந்து மிகவும் வருந்தினேன்” என்று நேராக எழுதி, ‘ஸான்ஸேர் கோந்தோலேயான்ஸ்’, அதாவது மனமார்ந்த அனுதாபங்கள், என்று சேர்த்தோம்.

மரியாதைக்கு ‘வூ’, அதாவது நீங்கள், போட்டிருந்தேன். தினமும் ‘தூ’ என்று பேசுகிறவளிடம் இன்று மட்டும் ‘வூ’ என்றால் விலகி நிற்பதுபோல் இருக்குமாம். எல்லாவற்றையும் மாற்றினேன். அடியில் வழக்கமாக வரும் ‘கோர்தியால்மோன்’ அலுவல் வாடை அடிக்கிறது என்று அதையும் எடுத்தார். ‘ஜெ பான்ஸ் ஆ துவா’ என்று முடித்தேன்: உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ‘தூ’வில்தான் எழுதியிருந்தாள்.