கிளினிக் நாளும் மாதக் கடைசிக் கணக்கும்

பிள்ளைப்பேற்று லீவு 84 நாள் என்று எங்களில கனபேருக்குத் தெரியும். அதுக்கு முந்தின மாதங்களில கிளினிக் போக எந்த லீவில கை வைக்கிறது என்று கேட்டால் பதில் வராது. தனியார் அலுவலகத்தில வேலை செய்யிற அக்காமார் பெரும்பாலும் கஷுவல் லீவில இருந்துதான் எடுக்கினம். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி அது வருசத்துக்கு 7 நாள். காய்ச்சலுக்கும் வீட்டு அலுவலுக்கும் அதே ஏழுதான்.

உலக சுகாதார நிறுவனம் குறைந்தது 8 சந்திப்புச் சொல்லுது: 12, 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்களில. முதல் பாதியில ஆறுதலாக வந்து, கடைசியில நெருக்குது. மாதாமாதம் தனித்தனியாக லீவு கேட்டால் இந்த நெருக்கம் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பிறகு "ஒக்டோபரில ரெண்டு தரமா?" என்ற கேள்வி வரும். எங்கட கருத்து, எல்லாத் திகதியையும் ஒரே விண்ணப்பத்தில கேட்க வேணும்.

ஒரு கணக்குப் பிரிவை எடுப்பம். நாலு பேர் வேலை. பிரசவத் திகதி நவம்பர் 28. பின்னோக்கி எண்ணினால் 20ஆம் வாரம் ஜூலை 11, பிறகு ஓகஸ்ட் 22, செப்டம்பர் 19, ஒக்டோபர் 17, ஒக்டோபர் 31. நவம்பரில வாற ரெண்டும், பிரசவத்துக்கு முந்தின 14 நாளைப் பிள்ளைப்பேற்று லீவாக எடுத்தால் அதுக்குள்ள அடங்கும். ஆக இடிக்கிறது ஒக்டோபர் 31 மட்டும்தான், அண்டைக்கு மாதக் கணக்கு முடிக்க வேணும். கிளினிக் நாளை நாங்கள் மாத்தேலாது, வங்கிக் கணக்கு ஒப்பிடுற வேலையை மாத்தலாம். ஜூலையிலேயே தெரிஞ்சால் இன்னொருவர் ஒகஸ்ட், செப்டம்பர் முடிவுகளில கூட இருந்து பழகியிருப்பார்.

சலுகை உள்ள இடமும் இருக்கு. வெறும் வயித்தோட போய், குளுக்கோஸ் குடிச்சு, ரெண்டு மணித்தியாலம் காத்திருக்கிற சீனிப் பரிசோதனை 24 தொடக்கம் 28 வாரத்துக்குள்ள செய்யிறது. அந்த நாலு வாரத்தில வேலை குறைஞ்ச நாளைத் தெரியலாம். ஆனா அதுக்கு அரைநாள் போதும் என்று எழுதிப்போட்டு மாட்டுப்படக்கூடாது. இரத்தம் குத்தி முடிய மத்தியானமாகிடும்.

12ஆம் வாரத்துச் சந்திப்பை இந்த விண்ணப்பத்தில போடத் தேவையில்லை. அந்த நேரம் வீட்டிலயே சொல்லாத ஆக்கள் இருக்கினம், மனேஜருக்கு முதல் சொல்லச் சொல்லுறது நியாயமில்லை. காரணம் எழுதாமல் ஒரு கஷுவல் எடுத்தால் போதும். மிச்சத்துக்கும் அடுத்த கிளினிக் திகதி உள்ள பக்கத்தை மட்டும் காட்டலாம், முழுக் கார்டையும் அலுவலகத்துக்குக் குடுக்க வேண்டாம்.

பிரஷர் கூடினால் கிளினிக்கில அடிக்கடி வரச் சொல்லுவினம். அப்ப இந்தத் திட்டம் உடையும். அதால விண்ணப்பத்தின் கடைசி வரியில "வைத்தியர் அழைத்தால் மேலதிக நாட்கள் தேவைப்படலாம்" என்று இப்பவே எழுதிவிட வேணும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருசம் என்றால் ரெண்டு மாதத்துக்கு ஒரு கஷுவல்தான் சேரும். அவவுக்கு எவ்வளவு திட்டம் போட்டாலும் நாள் காணாது. சட்டத்தில பரிசோதனைக்கென்று தனி நாள் வேணும் என்று நாங்கள் கேக்கிறது அதாலதான்.