மூஞ்சிக்கு கவுனா, கவுனுக்கு மூஞ்சியா?

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். பட்டமளிப்பு கவுனும் தொப்பியும் வெச்சு போட்டோ ஒட்டற வேலையில, மாத்த வேண்டியது கவுனைத்தான், மூஞ்சியை இல்லை. நம்ம ஊர் ஸ்டுடியோக்கள்ல பாதி இதைத் தலைகீழா பண்ணுது. டெம்ப்ளேட் பளபளன்னு இருக்கும். ஆள் போட்டோ மங்கலா இருக்கும். உடனே மூஞ்சியைப் பிடிச்சு வெளுப்பேத்தி, தேய்ச்சு, டெம்ப்ளேட்டுக்குத் தகுந்த மாதிரி ஆக்கிடுவாங்க. கடைசியில சுவர்ல தொங்கறது படிச்ச ஆள் இல்லை, அவங்க ஜாடையில யாரோ ஒருத்தர்.

எங்க தெருவுல ஒரு அக்கா. கல்யாணத்துக்கு அப்புறம், ரெண்டு புள்ளைங்களை வெச்சுக்கிட்டு தபால்வழியில எம்.ஏ. முடிச்சாங்க. விழாவுக்குப் போகலை, பட்டம் தபால்லதான் வந்துச்சு. கையில இருந்த ஒரே நல்ல படம், பரீட்சை விண்ணப்பத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ். ஒரு ஸ்டுடியோவுல குடுத்து கவுன் மாட்டி வாங்கிட்டு வந்தாங்க. அவங்க அம்மா படத்தைப் பார்த்துட்டு கேட்டது, "நல்லாருக்கு, யாருடி இது?" அந்தப் படம் பீரோவுக்குள்ள போயிடுச்சு. அதே பாஸ்போர்ட் படத்தை வெச்சு நான் மறுபடி செஞ்சேன். அதை வெச்சே சொல்றேன்.

முதல்ல அளவு. பாஸ்போர்ட் படம் 3.5 × 4.5 செ.மீ. அதை 300 dpi-ல ஸ்கேன் பண்ணினா 413 × 531 பிக்சல்தான் வரும். 600-ல பண்ணினா 827 × 1063. இதை 8 × 10 இஞ்ச் பிரிண்ட்டுக்கு இழுத்தா மூஞ்சி குழைஞ்சு, கவுன் மட்டும் நூல் நூலா தெரியும். அதனால 600-ல ஸ்கேன் பண்ணி, பிரிண்ட்டை 5 × 7-ல நிறுத்திக்கிட்டேன். அப்பவும் கவுன் கூர்மையா இருந்துச்சு. கவுன் லேயருக்கு மட்டும் Gaussian Blur ஒரு பிக்சல் குடுத்து மூஞ்சியோட கூர்மைக்கு இறக்கினேன். மூஞ்சியை Sharpen பண்ணி மேல ஏத்தப் போனா தோல் சொரசொரன்னு ஆகிடும்.

அடுத்தது கருப்பு. டெம்ப்ளேட் கவுன் மை மாதிரி கருப்பு. அக்கா படத்துல இருக்கறதுலயே கருப்பான இடம் தலைமுடி. அங்க ஐட்ராப்பரை வெச்சுப் பார்த்தா 35 கிட்ட காட்டுது, கவுன்ல 5. ஒரே வெளிச்சத்துல நிக்கற ஆளுக்கு முடி வெளிறிப்போயும் துணி மையாவும் இருக்காது. Levels-ல Output Levels இடது பக்க முக்கோணத்தை 30 வரைக்கும் நகர்த்தி கவுனை வெளிற விட்டேன். அந்த நிமிஷமே ஆளும் துணியும் ஒரே அறைக்குள்ள வந்துட்டாங்க. ஸ்டுடியோக்காரர் மூஞ்சியை வெளுத்ததும் இந்தப் பொருத்தத்துக்காகத்தான். தப்பான பக்கத்துல கை வெச்சுட்டார், அவ்வளவுதான்.

இப்ப காலர் கோடு. கவுனோட V வந்து சேர்ற இடத்தை தாடைக்கு நேரா வைக்கிறதுதான் வழக்கமா நடக்கற தப்பு. தலை கொஞ்சம் திரும்பியிருந்தா தாடை நகரும், தொண்டைக்குழி நகராது. V-யோட முனையும் தொண்டைக்குழியும் ஒரே செங்குத்துக் கோட்டுல இருக்கணும். அக்கா சுடிதார் போட்டிருந்ததால குழி லேசாத் தெரிஞ்சது, அங்க ஒரு கைட் கோடு போட்டுக்கிட்டேன். அப்புறம் தோள். ஒருத்தருக்கு ஒரு தோள் கொஞ்சம் இறங்கி இருக்கும், அது அவங்க அடையாளம். கவுனை Ctrl+T போட்டு, வலது கிளிக்ல Warp எடுத்து, தோள் சரிவை பழைய படத்துச் சரிவு மேலயே உக்கார வெச்சேன். டெம்ப்ளேட்ல இருந்த அந்த ஜிம் பாடி தோளை விட்டிருந்தா அக்காவுக்கு தலை சின்னதாயிருக்கும்.

இன்னொண்ணு. நிறைய டெம்ப்ளேட்ல கவுன் ஒரே லேயரா வரும். கழுத்து அதுக்குக் கீழே. அப்படி வெச்சா கழுத்து, ஓட்டையில சொருகின பொம்மை மாதிரி நிக்கும். நிஜத்துல காலரோட பின்பகுதி கழுத்துக்குப் பின்னாடி போகுது. அதனால கவுனை ரெண்டா வெட்டணும். பின் காலர் கீழே, அதுக்கு மேல கழுத்தும் தலையும், அதுக்கு மேல கவுனோட முன்பகுதி. பின் காலர் தனியா இல்லேன்னா, கவுன் துணியிலயே ஒரு துண்டை நகல் எடுத்து, லேசா கருப்பாக்கி, பிறை மாதிரி வளைச்சு உள்ளே தள்ளிடலாம். முன் காலர் கழுத்தைத் தொடற இடத்துல மெல்லிசா ஒரு நிழல் கோடு வேணும். அது இல்லேன்னா கழுத்துக்கும் துணிக்கும் நடுவுல காத்து போகுது.

தொப்பிக்கு வருவோம். கண்ணு ரெண்டையும் சேர்த்து ஒரு கோடு போடுங்க. தொப்பியோட பட்டை அந்தக் கோட்டுக்கு இணையா, புருவத்துக்கு ரெண்டு விரல் மேல நெத்தியில வரணும். உச்சியில வைக்கக் கூடாது. பட்டையோட அகலம் முடியையும் சேர்த்து நெத்திப் பொட்டு அகலத்துக்கு இருக்கணும். மூஞ்சியை மட்டும் அளந்து வெச்சா, தலைமேல தட்டு வெச்ச மாதிரி ஆகும். மேல இருக்கற சதுரப் பலகையையும் பார்க்கணும். பாஸ்போர்ட் படம் கண்ணு மட்டத்துல எடுக்கறது, அதனால பலகை மெல்லிசாத்தான் தெரியணும். பலகையோட மேல்பக்கம் அகலமாத் தெரியற டெம்ப்ளேட்னா அது உசரத்துல இருந்து எடுத்தது. அதை விட்டுட்டு வேற தேடுங்க, தட்டி நிமித்தறது வீண் வேலை.

நிழல்தான் எனக்கு ரொம்ப வாதம் உள்ள இடம். எவ்வளவு நிழல்னு கேட்டா, விடை படத்துலயே இருக்கு. தாடைக்குக் கீழே கழுத்துல விழற நிழலைப் பாருங்க. வெளிச்சம் உசரத்துல இருந்து வந்திருந்தா அது நீளமா இருக்கும், அப்ப தொப்பி நிழலும் நெத்தியில இறங்கும். ஸ்டுடியோல ரெண்டு பக்கமும் குடை வெச்சு நேரா அடிச்ச படம்னா தாடை நிழல் இத்துனூண்டுதான். அப்ப பலகையோட நிழல் தொப்பிப் பட்டையிலயே முடிஞ்சிடும், நெத்திக்கு வராது. அக்கா படம் இந்த ரெண்டாவது வகை. அதனால பட்டைக்குக் கீழே ஒட்டினாப்புல ஒரு மெல்லிய நிழல், ரெண்டு மூணு பிக்சல் பிளர்ல. அதுக்கு வெளியே 15 பிக்சல் பிளர்ல ரொம்ப லேசா இன்னொண்ணு. ரெண்டும் நெத்தியோட வளைவுல போகணும், ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா போகக் கூடாது.

நிழலோட நிறம் கருப்பு இல்லை. மாநிறத் தோல்மேல கருப்பை Multiply-ல போட்டா சாம்பல் பூசின மாதிரி ஆகும். தாடை நிழல்லயே ஐட்ராப்பரை வெச்சு அந்தச் செம்பழுப்பை எடுத்து, அதை Multiply-ல 40 சதவீதம் போட்டேன். இதுக்கு அப்புறமும் ஏதோ உதைக்குதேன்னு பார்த்தா, நெத்தி நடுவுல ஃபிளாஷ் பளபளப்பு. தொப்பிக்குக் கீழே நெத்தி அப்படி மின்னாது. பட்டைக்குப் பக்கத்துல இருந்த மினுமினுப்பை மட்டும் அடக்கினேன். பொட்டுக்குக் கீழே இருந்ததைத் தொடலை.

கடைசியா முடி. உச்சியில எழும்பி நிக்கற முடியை மாஸ்க் போட்டு மறைச்சாப் போதும், அது தொப்பிக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம். ஆனா பட்டைக்குக் கீழே காதோரத்து முடி அமுங்கி, லேசா புடைச்சு வெளியே வரணும். Liquify-ல கொஞ்சமா வெளியே தள்ளினா வந்துடும். ஓரத்து இழைகளை ஒவ்வொண்ணா வெட்ட வேண்டாம். நம்ம முடி கருப்பு, பாஸ்போர்ட் படத்தோட பின்னணி வெள்ளை. தலை லேயரை ஒரு நகல் எடுத்து, Levels-ல பின்னணியை முழு வெள்ளையாக்கி, Multiply-ல போட்டா வெள்ளை காணாமப் போய் இழை மட்டும் நிக்கும். அதுக்கு மேல, ரெண்டு பிக்சல் உள்ளே தள்ளி மாஸ்க் போட்ட தலையை வெச்சா வெள்ளை விளிம்பு தெரியாது. பின்னணி நீலமா இருந்தா நகலோட நிறத்தை முதல்ல உருவிடணும். புதுப் பின்னணி அடர்த்தியான நிறமா இருந்தா இந்த வித்தை பலிக்காது, இழை எல்லாம் அதுல மூழ்கிடும். அதனாலதான் வெளிர் சாம்பல் பின்னணி வெச்சேன். அக்காவோட பின்னல் முன்னாடி தோள்மேல கிடந்தது. அதை கவுனுக்கு மேல தனி லேயரா கொண்டு வந்தேன். ஸ்டுடியோக்காரர் அதை வெட்டி எறிஞ்சிருந்தார். அம்மாவுக்கு மகளை அடையாளம் தெரியாமப் போனதுக்கு வெளுப்பு பாதிக் காரணம்னா பின்னல் மீதிக் காரணம்.

சரியா வந்திருக்கான்னு பார்க்க ஒரு சுலபமான வழி. படத்தை இடவலமா திருப்பி, கட்டைவிரல் அளவுக்குச் சின்னதாக்கிப் பாருங்க. முதல்ல கண்ணு தொப்பிக்குப் போனா வேலை முடியலை. மூஞ்சிக்குப் போனா முடிஞ்சுது.

"எல்லாமே ஒட்டு வேலை, இதுல என்ன நேர்மை?"ன்னு சிலர் கேப்பீங்க. அந்த அக்கா வாங்காத பட்டத்தை நான் மாட்டலை. அவங்க போகாத மேடைக்கு ஒரு படம், அவ்வளவுதான். அதுல அவங்க மூஞ்சி அவங்க மூஞ்சியாவே இருக்கணும். கவுன் யாரோடதா இருந்தா என்ன?

டிஸ்கி: டெம்ப்ளேட் கவுனோட கைல மூணு வெல்வெட் பட்டை இருந்தா உஷார். அமெரிக்க வழக்கத்துல அது முனைவர் பட்டத்துக்கான அடையாளம். எல்.கே.ஜி. முடிச்ச வாண்டுகளுக்கெல்லாம் அதை மாட்டி விட்டுடறாங்க :-)