ஒரு நாள் குறைந்ததற்காக முந்நூறு பெட்டி

பெரிய அங்காடி நிறுவனங்களின் மையக் கிடங்கு வாசலில் அன்றாடம் நடக்கும் காட்சி இது. லாரியிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஊழியர் ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் எடுக்கிறார். சிப்ஸ் மொறுமொறுப்பாக இருக்கிறதா, எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கிறதா என்பதெல்லாம் அவர் வேலை அல்ல. பாக்கெட்டின் பின்பக்கம் மையால் அடித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் காலாவதித் தேதியையும் கைக்கருவியில் பதிகிறார். மீதி ஆயுள் எத்தனை சதவீதம் என்று கருவி சொல்கிறது. நிறுவனம் வைத்திருக்கும் அளவுக்குக் கீழே போனால் சரக்கு உள்ளே போகாது.

இந்த அளவை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. கொள்முதல் ஒப்பந்தத்தில் அங்காடிகள் தாங்களே எழுதிக்கொள்வது. மொத்த ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் இருக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. முக்கால் பங்கு கேட்பவர்களும் உண்டு. தேனி மாவட்டத்துச் சிறு உணவுத் தொழிலுக்கு இந்த ஒற்றை வரி என்ன செய்யும் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

சின்னமனூரில் ஒரு சிறிய நேந்திரன் சிப்ஸ் கூடம் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டின் ஆயுள் 90 நாள். சென்னையிலிருந்து 300 பெட்டிக்கு ஆர்டர் வருகிறது. முக்கால் பங்கு ஆயுள் வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது, கிடங்குக்குள் நுழையும் நாளில் 68 நாளாவது பாக்கி இருக்க வேண்டும். பொரிப்பது முதல் ஒப்படைப்பது வரை கூடத்துக்குக் கிடைப்பது 22 நாள்.

இரண்டு வாணலி வைத்திருக்கும் கூடத்தில் நாளுக்கு 60 பெட்டிதான் ஓடும். மார்ச் 1 முதல் 5 வரை பொரித்து அடைக்கிறார்கள். வாங்குபவர் ஆய்வறிக்கை கேட்டிருப்பதால் மாதிரி மதுரைக்குப் போகிறது. அறிக்கை 12ஆம் தேதி வருகிறது. முந்நூறு பெட்டிக்குத் தனி லாரி கட்டாது. பகுதிச் சுமையாக ஏற்றி, ஏறக்குறைய 500 கிலோமீட்டர் கடந்து 16ஆம் தேதி சரக்கு சென்னை வந்து சேர்கிறது. இறக்குவதற்கு அங்காடி ஒதுக்கிய நாள் 20. அன்று இறக்கியிருந்தால், மிகப் பழைய பாக்கெட்டுக்கும் 71 நாள் பாக்கி. அத்தனையும் உள்ளே போயிருக்கும்.

ஆனால் கிடங்கில் நெரிசல் என்று நாளை 24க்கு மாற்றுகிறார்கள். மார்ச் 1ஆம் தேதி பொரித்த 60 பெட்டிக்கு இப்போது 67 நாள்தான் பாக்கி. ஒரு நாள் குறைகிறது. மற்ற 240 பெட்டியும் நிபந்தனைக்குள்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு தேதி தவறினால் முழு ஆர்டரும் ரத்து என்று ஒப்பந்தம் சொன்னால், முந்நூறும் திரும்ப வேண்டியதுதான். திரும்பி வரும் வாடகையும் கூடத்தின் தலையில். வீடு வந்து சேரும்போது இன்னும் நாள் குறைந்திருக்கும். இதே நிபந்தனை வைத்திருக்கும் இன்னொரு நிறுவனமும் இனி அதைத் தொடாது. உள்ளூர்க் கடைகளுக்கு விலையைக் குறைத்துத் தள்ளிவிடுவதைத் தவிர வழியில்லை. இரண்டு மாதத்துக்கு மேல் தின்னத் தகுதியுள்ள உணவு அது.

தாமதம் அங்காடியுடையது, நட்டம் மட்டும் சின்னமனூருக்கு. இதில் என்ன நியாயம்?

சதவீதக் கணக்கிலேயே ஒரு கோணல் இருக்கிறது. போடியிலிருந்து போகும் ஏலக்காய்ப் பொட்டலத்துக்கு ஓராண்டு ஆயுள் என்றால், அதே முக்கால் பங்கு நிபந்தனை அந்த வணிகருக்கு மூன்று மாத அவகாசம் தருகிறது. சிப்ஸ்காரருக்கு மூன்று வாரம். ஆய்வறிக்கைக்கும் லாரிக்கும் கிடங்கு வரிசைக்கும் இருவருக்கும் ஆகும் நாள் ஒன்றுதான். ஆக, இந்த விதி குறைந்த ஆயுள் கொண்ட பண்டத்தையும், தொலைவில் இருப்பவரையும், தினம் கொஞ்சமாகத் தயாரிப்பவரையும் பார்த்து அடிக்கிறது. முறுக்கு, அதிரசம், கடலை மிட்டாய் செய்யும் மகளிர் குழுக்களுக்கும் இதே கதிதான். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கு மத்திய அரசின் திட்டம் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. அந்தப் பணத்தில் வாங்கிய இயந்திரம் பொரித்துத் தள்ளுவது கிடங்கு வாசலில் நின்றுவிட்டால் மானியத்தால் என்ன பயன்?

அங்காடிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கிடங்கிலிருந்து கிளைக்குப் போய், அலமாரியில் சில வாரம் இருந்து, வீட்டுக்குப் போன பிறகும் பண்டம் நன்றாக இருக்க வேண்டும். இணையவழி விற்பனையில், வாடிக்கையாளர் கைக்குச் சேரும்போது 30 சதவீதம் அல்லது 45 நாள் ஆயுள் இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் அறிவுறுத்தியது. நுகர்வோருக்கு அது நல்லதே. ஆனால் 90 நாள் பண்டத்துக்கு 30 சதவீதம் என்றால் 27 நாள். மற்ற கணக்கில் 45 நாள். இரண்டில் எது என்று தெளிவாக இல்லாதபோது, வாங்குபவர் பெரிய எண்ணையே பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் தன் விற்பனை நாளையும் கூட்டிக் கேட்பார். இதே ஆணையத்தின் 2017ஆம் ஆண்டு இறக்குமதி விதியில் இந்தக் குழப்பம் இல்லை. துறைமுகத்தில் 60 சதவீதம் அல்லது மூன்று மாதம், இரண்டில் எது குறைவோ அது என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது. கப்பலில் வரும் பண்டத்துக்குக் கிடைத்த அந்தத் தெளிவு கம்பம் பள்ளத்தாக்கில் செய்யும் பண்டத்துக்கும் கிடைக்க வேண்டும்.

ஜப்பான் இந்தச் சிக்கலை நம்மைவிட முன்பே பார்த்த நாடு. அங்கே ஆயுளின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சரக்கு கடைக்கு வந்துவிட வேண்டும் என்பது நீண்டகால வணிக வழக்கம். நல்ல உணவு மலைமலையாக வீணாவதைக் கண்ட அரசு, 2012இல் உற்பத்தியாளரையும் வணிகரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. குளிர்பானத்துக்கும் தின்பண்டத்துக்கும் அந்தக் கெடுவைப் பாதி ஆயுள் வரை தளர்த்திச் சோதித்துப் பார்த்தார்கள். அதன்பின் பல சங்கிலிக் கடைகள் அதற்கு மாறின.

இங்கே சட்டத்தின் துணை அரைகுறையாகத்தான் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரக்கைப் பெற்ற 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்பினால், சரக்கை ஒப்படைத்ததாகக் கொள்ளலாமா என்பதே வழக்காகிவிடும்.

எனவே மாற வேண்டியவை இவை. மீதி ஆயுளைச் சதவீதத்தில் கேட்காமல், அந்தப் பண்டம் விற்றுத் தீர எத்தனை நாள் ஆகும் என்று பார்த்து நாள் கணக்கில் அங்காடிகள் கேட்க வேண்டும். முதலில் ஒதுக்கிய தேதியில் சரக்கு வந்து நின்றால், ஆயுளை அந்தத் தேதியை வைத்தே கணக்கிட வேண்டும். தேதி குறைந்த பெட்டியை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை இறக்க வேண்டும். ஒதுக்கியதற்கான காரணத்தை அன்றே எழுத்தில் தர வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையமும் தன் அறிவுறுத்தலில் ‘எது குறைவோ’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். திரும்பி வந்த சரக்கின் அளவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்குமாறு 2024 டிசம்பரில் உற்பத்தியாளர்களைக் கேட்டது இதே ஆணையம்தான். அந்தப் படிவத்தில், காலாவதி ஆகாமலே மீதி ஆயுள் நிபந்தனையால் திரும்பியது எவ்வளவு என்று தனியாக ஒரு கட்டம் வைத்து, அதன் கூட்டுத்தொகையை வெளியிட வேண்டும். அடுத்த நேந்திரன் லோடு சின்னமனூரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இதைச் செய்யலாம்.