வரவேற்க இரண்டு நிமிடம் போதாதா?

கல்லூரிக் கலைவிழா மேடைகளில் வரவேற்புரை என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நம் மாநிலப் பாடலான தமிழ்த்தாய் வாழ்த்தையே 55 விநாடிகளில் பாடி முடிக்கிறோம். தமிழ்த்தாய்க்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. விருந்தினரை 'வாருங்கள்' என்று சொல்ல மட்டும் எதற்கு இருபது நிமிடம்?

அண்மையில் ஒரு கல்லூரிக்குத் தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரை அழைத்திருந்தார்கள். துரியோதனன் வேடம் கட்டி விடிய விடிய ஆடுகிறவர். தாளாளரில் தொடங்கி மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் அடைமொழியோடு விளித்து முடிக்கவே வரவேற்புரையில் ஐந்து நிமிடம் போயிற்று. பிறகு கல்லூரியின் வரலாறு, அதன் பிறகு விருதுப் பட்டியல். இவ்வளவுக்கும் நடுவில் அவர் ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னார்கள். அடுத்து 'விருந்தினர் அறிமுகம்' என்று இன்னொருவர் எழுந்து அதே பட்டியலை மறுபடி வாசித்தார். மாணவர்கள் கைதட்டி உட்கார வைக்கப் பார்த்தார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு உரை மேலும் நீண்டது. கடைசியில் கலைஞரிடம், "ஐயா, நேரமாயிடுச்சு, சுருக்கமா முடிச்சுக்குங்க" என்று துண்டுச்சீட்டு போனது. யாருடைய பேச்சைக் கேட்க அழைத்தோமோ அவரிடமே சுருக்கச் சொல்வது எவ்வளவு பெரிய அவமரியாதை!

மேடைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாததுதான் இதற்குக் காரணம். விழாவுக்கு இரண்டு நாள் முன்பே விருந்தினரிடம் தொலைபேசியில் பேசி மூன்று செய்திகளைக் கேட்டுவிட வேண்டும். பெயரையும் முன்னெழுத்தையும் எப்படிச் சொல்ல வேண்டும், எந்த அடையாளத்தோடு அறிமுகப்படுத்தினால் அவருக்குப் பிடிக்கும், அன்று எதைப் பற்றிப் பேசப்போகிறார். இவை தெரிந்துவிட்டால் இணையத்தில் தேடி எடுத்த தன்விவரக் குறிப்பை வாசிக்கத் தேவையே இராது. தனியாக அறிமுகவுரை இருக்கிறதா என்பதையும் நிகழ்ச்சி நிரலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால் விருந்தினரின் சாதனைகளை அறிமுகம் செய்பவரிடம் விட்டுவிடலாம்.

மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொற்கள் வரும். அப்படியானால் இரண்டு நிமிட உரைக்குக் கையெழுத்தில் ஒரு பக்கம் போதும். விளிப்பில் முதலில் சிறப்பு விருந்தினர், அடுத்து முதல்வர், மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரே வரி. பிறகு, அவரை ஏன் அழைத்தோம் என்பதற்கு அவருடைய வேலையிலிருந்தே ஒரு செய்தி. அதன்பின் வரவேற்பு. அவ்வளவுதான். அந்தக் கூத்துக் கலைஞரை இப்படி வரவேற்றிருக்கலாம்:

"பெருமதிப்பிற்குரிய சிறப்பு விருந்தினர் ஐயா அவர்களே, முதல்வர் அவர்களே, மேடையிலும் அரங்கிலும் வீற்றிருக்கும் பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம். பாரதக் கூத்தில் ஐயா துரியோதனனாக வந்தால் பொழுது விடியும்வரை ஊர் எழுந்திருக்காது. அவர் தலையில் ஏறும் கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜக்கட்டையையும் மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு ஒட்டி உருவாக்கியவரும் அவரே. ஆடும் கலையும் ஆக்கும் கலையும் ஒருவரிடமே இருப்பதை நாங்கள் நேரில் காண வேண்டும் என்றுதான் இந்த விழாவுக்கு அழைத்தோம். அழைப்பை ஏற்று வந்த ஐயா அவர்களைத் தமிழ் மன்றத்தின் சார்பில் வணங்கி வரவேற்கிறேன்."

இதை நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. இதில் ஒரு மரியாதையும் குறையவில்லை. 'பல்கலை வித்தகர்', 'கலையுலகின் விடிவெள்ளி' என்ற அடைமொழிகளை எந்த விருந்தினருக்கு வேண்டுமானாலும் சூட்டலாம். கிரீடத்தைத் தானே செதுக்கினார் என்ற வரியை இவருக்கு மட்டும்தான் சொல்ல முடியும். நம்மைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு அழைத்திருக்கிறார்கள் என்று விருந்தினருக்குப் புரிவது அந்த வரியில்தான்.

'தாளாளர் பெயரை விட்டால் கோபித்துக்கொள்வார்' என்று மாணவர்கள் பயப்படுவது எனக்குத் தெரியும். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர்கள் பேராசிரியர்கள். மேடையில் இருப்போர் பெயர்களைத் தொகுப்பாளர் ஒருமுறை சொல்லி அமர வைத்தால் போதும்; வரவேற்பவர் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. சால்வையை வரவேற்புரை முடிந்த பிறகு போர்த்துங்கள்; பேச்சின் நடுவே விருந்தினரை எழுப்பி நிற்க வைக்காதீர்கள். எழுதிய தாளை முதல் நாளே சத்தமாக வாசிக்கச் சொல்லி, கையில் கடிகாரத்தோடு கேளுங்கள். இரண்டு நிமிடம் தாண்டினால் பேனாவை எடுத்து நீங்களே வெட்டுங்கள். விருந்தினரிடம் துண்டுச்சீட்டு நீட்டுவதைவிட அது ஆயிரம் மடங்கு மரியாதை.